விலைக்கழிவா, சீட்டிழுப்பா, கூப்பனா? சித்திரைக்கு ஒரு யோசனை

தலைவர், செயலாளர்,
வர்த்தகர் சங்கம், மட்டக்களப்பு.

ஐயா,

பண்டிகைக்குக் கடைக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு சலுகை வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். தீபாவளியை விடச் சித்திரைப் புத்தாண்டுதான் அதற்குத் தோது. தீபாவளி நேரம் மழை. பெரும்போக விதைப்பும் அப்போதுதான், விவசாயியின் காசு வயலுக்குள் கிடக்கும். சித்திரைக்குள் அறுவடை முடிந்து நெல்லும் விற்றிருக்கும். அந்தக் காசோடு படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வருகிற குடும்பத்தை மனதில் வைத்தே மூன்று வழிகளையும் ஒப்பிட்டேன்.

எல்லாரும் முதலில் சொல்வது எல்லாக் கடையிலும் 10 வீத விலைக்கழிவு. பதாகையில் எழுத நல்லாயிருக்கும். ஆனால் 800 ரூபாவுக்கு எடுத்து 1,000 ரூபாவுக்கு விற்கும் செருப்பை 900க்குக் கொடுத்தால் என் லாபம் பாதியாகிறது. பழைய லாபத்தைக் காண இரண்டு மடங்கு சோடி விற்க வேண்டும். பலசரக்குக் கடைக்காரர் பாடு இன்னும் மோசம். சீனியிலும் பருப்பிலும் அவருக்கு நிற்பது 5, 6 வீதம் என்றால், பத்தைக் கழிப்பது கைக்காசைப் போடுவதுதான். அவர் சேரமாட்டார்; சேர்ந்தாலும் விலையை ஏற்றிவிட்டுக் குறைப்பார். காத்தான்குடியில் நாலு புடவைக்கடை ஏறி இறங்கி விலை கேட்டு வந்த சனத்துக்கு அது உடனே பிடிபடும்.

சீட்டிழுப்பில் ஆரவாரம் கூட. 40 கடை 5,000 ரூபா வீதம் போட்டால் 2 இலட்சம் சேரும். அதில் மோட்டார் சைக்கிள் வாங்க முடியாது, சைக்கிளும் சில வீட்டுச் சாமான்களும் வாங்கலாம். எல்லாக் கடையும் ஒரே தொகை கட்டினால், நிறைய விற்கும் பெரிய கடைதான் சீட்டை அள்ளிக் கொடுக்கும், அதன் விளம்பரத்துக்குச் சின்னக் கடையும் காசு கட்டும். சீட்டுப் புத்தகத்தை முழுசாகச் சொந்தக்காரருக்குக் கிழித்துக் கொடுத்தார்கள் என்ற கதை கிளம்பினால் சங்கத்தின் பெயர் கெடும். அனுமதி வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்கவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொக்கட்டிச்சோலைக்குத் திரும்பிப் போனவர் குலுக்கல் பார்க்க இன்னொரு நாள் வரப்போவதில்லை.

நான் கேட்பது மூன்றாவது வழி: ஒரு கடையில் வாங்கினால் இன்னொரு கடையில் செல்லும் கூப்பன். புடவைக்கடையில் 5,000 ரூபாவுக்கு வாங்கியவருக்கு 200 ரூபாக் கூப்பன் ஒன்று. அதே கடையில் செல்லாது. வேறு எந்த உறுப்பினர் கடையிலும், 1,500 ரூபாவுக்குக் குறையாமல் வாங்கினால், அன்றே கழித்துக்கொள்ளலாம். வழக்கமாகப் புடவை எடுத்ததும் பஸ் நிலையத்துக்கு நடக்கிற குடும்பம், கையில் 200 ரூபா இருப்பதால் செருப்புக்கடையையும் பாத்திரக்கடையையும் ஒருமுறை எட்டிப்பார்க்கும். செருப்பும் சட்டியும் ஊர்க்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுப்போன வியாபாரம்தான் அது.

கூப்பனைக் கொடுத்த கடைதான் 200 ரூபாவையும் ஏற்க வேண்டும். இங்கேதான் பெரிய கடைக்காரர் முகம் சுழிப்பார்: “என்ட காசில மற்றவன்ட கடைக்கு ஆள் அனுப்புறதா?” நியாயமான கேள்விதான். 50 கூப்பன் கொடுத்தால் அவர் குறைந்தது இரண்டரை இலட்சத்துக்கு விற்றிருக்கிறார். அதற்கு 10 வீதம் கழித்திருந்தால் 25,000 போயிருக்கும். கூப்பன் அத்தனையும் திரும்பினாலும் செலவு 10,000. முப்பது திரும்பினால் 6,000. அவர் கடைக்கும் மற்றவர்களின் கூப்பன் வரும், என்ன, அவர் கொடுப்பதை விடக் குறைவாகத்தான் வரும். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

பலசரக்குக் கடைகள் கூப்பன் கொடுக்கத் தேவையில்லை, வாங்கினால் போதும். 5,000க்கு 200 என்பது 4 வீதம், அவர்களின் லாபத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். அதற்கு ஈடாக அச்சுச் செலவில் கூடுதல் பங்கு கேட்கலாம்.

இந்தத் திட்டம் கெட்டுப்போனால் அது காசுக் கணக்கைத் தீர்ப்பதில்தான் கெடும். பண்டிகை முடிந்த பிறகு கடை கடையாகப் போய்க் காசு கேட்க முடியாது. ஆகவே 50 கூப்பன் உள்ள புத்தகத்தை 10,000 ரூபா வைப்புக் கட்டித்தான் எடுக்க வேண்டும். கூப்பனை வாங்கிய கடை பின்புறத்தில் தன் பற்றுச்சீட்டு இலக்கத்தை எழுதிப் பொருளாளரிடம் கொடுத்தால், வாரம் ஒருமுறை அந்த வைப்பிலிருந்து காசு பெறும். வைப்பில் மிஞ்சுவது கூப்பன் கொடுத்த கடைக்கே திரும்பும். கலர் போட்டோப் பிரதி எடுப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், தொடர் இலக்கத்தோடு கொடுத்த கடையின் முத்திரையும் திகதியும் கட்டாயம். ஒரே கடையின் கூப்பன்கள் அடுத்தடுத்த இலக்கத்தில் கட்டாக இன்னொரு கடையிலிருந்து வந்தால், பொருள் விற்கவில்லை, கூப்பனைக் காசாக்கியிருக்கிறார்கள் என்று பொருளாளர் சந்தேகப்பட வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி 12ஆம் திகதியோடு நிறுத்தலாம். அச்சுக்குக் கொடுக்க நேரம் வேண்டும் என்பதால் இதை மார்ச் தொடக்கத்துக் கூட்டத்தில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கடைக்கு ஒரு புத்தகம் போதும். வைப்புப் பணத்தை அன்றே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், பாதணிக் கடை,
மட்டக்களப்பு.