கிராமத்து ஷாம்பு: 2 ரூபாய் பாக்கெட்டா, பவுச்சா, பாட்டிலா?

கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் லைன் வண்டியோடு சில வருடம் சுற்றியவன் நான். ஏழை, நடுத்தரக் குடும்பங்களை நம்பி ஒரு ஷாம்பு கொண்டுவரப் போகிறவர்கள், "எந்த அளவில் போடலாம்?" என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். மில்லியிலிருந்து தொடங்காதீர்கள், காசிலிருந்து தொடங்குங்கள்.

இதைச் சொல்ல கடலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. எப்சம் உப்பையும் டால்கம் பவுடரையும் சின்னப் பொட்டலங்களில் விற்ற சின்னிகிருஷ்ணன் இந்த ஊர்க்காரர்தான். அவர் குடும்பத்திலிருந்துதான் வெல்வெட் ஷாம்பு பாக்கெட் வந்தது. அவர் மகன் ரங்கநாதன் தனியாகப் பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் இலவசம் என்று முதலில் கொடுத்தார்கள். பழக்கம் பிடித்ததும், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். பாட்டிலை வைத்து இப்படி ஒரு விளையாட்டு ஆடியிருக்கவே முடியாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். கீழே வருபவை ஒரு சிறிய தயாரிப்பாளருக்காக நான் போட்டுப் பார்த்த தோராயமான எண்கள். உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப மாறும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது.

8 மில்லி பாக்கெட் ஒன்று, விலை 2 ரூபாய். ஜி.எஸ்.டி., கடைக்காரர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் போக நம் கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். ஷாம்பு லிட்டர் 65 ரூபாய் ஆகிறது என்றால் உள்ளே இருக்கும் சரக்கு 52 பைசா. மேலே இருக்கும் ஃபிலிம் அரை கிராம்தான், 12 பைசா. நிரப்புவதும் அட்டைப்பெட்டியும் 8 பைசா. மிச்சம் 78 பைசா. அதே கணக்கில் 100 மில்லி விற்றால் பன்னிரண்டரை பாக்கெட், மிச்சம் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வண்டி வாடகை, விளம்பரம், லாபம் எல்லாம் அதற்குள்தான்.

அதே 100 மில்லியை அதே 25 ரூபாய்க்குப் பாட்டிலில் கொடுக்க முடியுமா? வரியும் பங்கும் போக நமக்கு 19 ரூபாய்கூட வராது. பாட்டில், மூடி, லேபிள் மூன்றுக்கும் 8 ரூபாய். சரக்கு ஆறரை. நிரப்பி அடுக்க 2 ரூபாய். கையில் நிற்பது இரண்டு ரூபாய்ச் சொச்சம். அதனால் பாட்டிலுக்கு 40 ரூபாயாவது வைத்தாக வேண்டும். பெரிதாக வாங்கினால் மலிவு என்று அரிசியிலும் எண்ணெயிலும் பார்த்துப் பழகிய அம்மாக்கள், ஷாம்புவில் மட்டும் பெரியது விலை கூடுதல் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் போதும். பெரிய கம்பெனிகளின் பாக்கெட்டிலும் பாட்டிலிலும் மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பாக்கெட்தான் மலிவாக இருக்கும். உங்கள் பாட்டிலுக்கு முதல் போட்டி உங்கள் பாக்கெட்டேதான்.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தாலும் அதே கதைதான். அம்மாவும் பெண்ணும் வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறார்கள், அப்பாவும் பையனும் சோப்போடு சரி என்றால் மாதம் 16 பாக்கெட். மொத்தம் 32 ரூபாய்தான். ஆனால் அந்த 32 ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்காது. கூலி வந்த சனிக்கிழமை நான்கு பாக்கெட் கிழித்துக்கொடுக்கச் சொல்வார்கள். பம்புசெட்டுக்கோ குளத்துக்கோ போகிறவர்கள் ஒன்றைப் பாவாடை முடிச்சில் செருகிக்கொண்டு போவார்கள். பாட்டிலை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு போவதில்லை. வீட்டில் பாட்டில் இருந்தால், கேட்பவர் எல்லோரும் உள்ளங்கை நிறைய ஊற்றுவார்கள். பாக்கெட்டில் அந்த வீண் கிடையாது.

ஒரு ரூபாய்ப் பாக்கெட் போடலாமே என்று பலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். பாக்கெட் சிறுத்தாலும் சுற்றிலும் ஒட்டும் விளிம்பு சிறுக்காது. அதனால் சரக்கு குறைகிற அளவுக்கு ஃபிலிம் செலவு குறையாது. அதோடு அந்தச் சின்னப் பாக்கெட் இடுப்பு வரை முடி உள்ள பெண்ணுக்குப் போதாது, இரண்டு கிழிப்பாள், அப்புறம் "இது நுரையே வரலை" என்பாள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2 ரூபாய்ப் பாக்கெட்டில் அந்தச் சலுகையை விலையில் காட்ட வழியில்லை, 1.78 ரூபாய் என்று யாரும் விற்க முடியாது. மில்லியைக் கூட்டித்தான் கொடுக்க முடியும். ஐம்பது பைசாவைக் கடைகளில் யாரும் வாங்குவதில்லை என்பதால் விலைகள் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்ற படிகளில்தான் நிற்கின்றன.

பவுச்தான் ஆசை காட்டும். மூக்கில்லாத 100 மில்லி பவுச்சின் ஃபிலிமுக்கு ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். 25 ரூபாய்க்கு விற்றால் கிட்டத்தட்டப் பாக்கெட் அளவுக்கே மிச்சம் நிற்கும். தாளில் பார்த்தால் இதுவே ஜெயிக்க வேண்டும். நானும் ஒருமுறை நம்பினேன். ஒரு கம்பெனிக்காக இரண்டு மாதம் விற்றுப் பார்த்தோம். மூன்றாவது வாரம் ஒரு வீட்டுக் கொல்லையில் எங்கள் பவுச்சைப் பார்த்தேன். முனை வெட்டி, துணி மாட்டும் கிளிப் போட்டு, தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கிளிப் நழுவி, மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. இந்த வகை ஷாம்புக்குக் கெட்டித்தன்மை கொடுப்பது பெரும்பாலும் உப்புதான். தண்ணீர் சேர்ந்தால் இளகிவிடும், கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துப் போகும். கையில் ஊற்றியதும் தண்ணீராக ஓடினால், வாடை மாறியிருந்தால் அது கெட்டதற்கு அடையாளம். அந்த அம்மா, "கலப்படம் பண்றாங்க" என்று பக்கத்து வீடு வரை சொல்லியாகிவிட்டது. மூக்கும் திருகு மூடியும் வைத்தால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் செலவு இரண்டரை ரூபாய் கூடும், கடையில் தொங்கவும் விட முடியாது, அலமாரி வேண்டும்.

தொங்குவது சின்ன விஷயமில்லை. பெட்டிக்கடை முகப்பில் சரம் சரமாக ஆடுவதுதான் விளம்பரப் பலகை. 16 பாக்கெட் கொண்ட சரம் ஒன்றைக் கடைக்காரர் முப்பது ரூபாய்க்கும் குறைவாக முதல் போட்டு மாட்டிவிடுவார். நான்கு பாட்டில் எடுக்க அவர் நூறு ரூபாய்க்கு மேல் முடக்க வேண்டும். அது போகும்வரை கடன் கேட்பார்.

பாக்கெட்டுக்கும் குறை உண்டு. நிரப்பும் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ஒட்டும் இடத்தில் விழுந்தால் அந்த இடம் ஒட்டாது. தொழிற்சாலையில் தெரியாது, பெட்டியில் அடுக்கி லாரியில் குலுங்கி வந்த பிறகு கசியும். ஒரு பாக்கெட் கசிந்தால் சரம் முழுக்கப் பிசுபிசுக்கும், கடைக்காரர் மொத்தத்தையும் திருப்பிவிடுவார். ஒவ்வொரு மணி நேரமும் சில பாக்கெட்டுகளை எடுத்து, மூடிய பாத்திரத்தில் தண்ணீருக்குள் வைத்து, மேலே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கிழிக்கும் வெட்டு ஓரத்தில் சரியாக இருக்கிறதா என்பதையும் நனைந்த கையோடு கிழித்துப் பாருங்கள். வராவிட்டால் பல்லால் கடிப்பார்கள், ஷாம்பு வாயில் போகும்.

குப்பைக் கணக்கில் எனக்கு மனம் உறுத்துகிறது. 100 மில்லிக்குப் பாக்கெட் ஃபிலிம் ஆறு கிராம், பாட்டிலும் மூடியும் பதினைந்து கிராமுக்கு மேல். எடையில் பாக்கெட் குறைவுதான். ஆனால் பாட்டிலைப் பழைய இரும்புக்காரர் வாங்குவார். பல அடுக்கு ஃபிலிமை யாரும் வாங்க மாட்டார்கள், அது குளக்கரையிலேயே கிடக்கும். அடுக்குகள் எல்லாம் ஒரே வகைப் பிளாஸ்டிக்காக உள்ள ஃபிலிம் கிடைத்தால், சில பைசா கூடினாலும் அதையே எடுங்கள்.

என் தேர்வு இதுதான். முதல் வருடம் 8 மில்லி, 2 ரூபாய், 16 கொண்ட சரம், இது ஒன்று மட்டும். பவுச் வேண்டாம். பாட்டில் பிறகு வரட்டும், அதுவும் ஒரே ஒரு அளவில், மாதச் சம்பளம் வாங்கும் வீடுகள் உள்ள ஊர்க் கடைகளில் மட்டும். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே தடவையில் முழுச் சரம் வாங்கும் வீடுகள் எத்தனை என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த வீடுகள்தான் உங்கள் பாட்டில் வாடிக்கையாளர்கள்.