நிஃப்டியில் கேப் ஃபேட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

நேற்றைய முடிவிலிருந்து தள்ளித் திறக்கும் நிஃப்டி மறுபடி அந்த முடிவுக்கே வந்து இடைவெளியை நிரப்பும் என்று எதிர்த்திசையில் எடுக்கும் வர்த்தகம்தான் கேப் ஃபேட். திசை சரியாக இருந்தும் அதில் காசு போகிறது என்றால், பெரும்பாலும் நுழைந்த விலைதான் காரணம். கேப் நிரம்பினால் கிடைப்பது அந்த கேப்பின் அளவுதான். தாமதித்தால் அதிலேயே பாதி கரைந்துவிடும்.

வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவரும். 10:30-க்குள் நடக்காவிட்டால் வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லா கேப்பும் ஆகாது. 9:08 வாக்கில் ப்ரீ-ஓப்பன் ஆர்டர் நேரம் முடிந்து, நிஃப்டி எங்கே திறக்கும் என்பது தெரிந்துவிடும். அது நேற்றைய ஹை-லோவுக்குள் இருக்க வேண்டும். கேப்பின் அளவு, ஒரு நாளின் சராசரி ஏற்ற இறக்கத்தைக் காட்டும் 14 நாள் ஏடிஆரில் கால் பங்கிலிருந்து பாதி வரை இருந்தால் போதும். அதைவிடச் சின்னது என்றால் செலவுக்கே கட்டாது. நேற்றைய ஹையைத் தாண்டித் திறந்தால் நேற்று விற்றவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டு வாங்க ஓடுவார்கள். அதன் எதிரே நிற்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் கொள்கை அறிவிப்பு நாளையும் விட்டுவிடுங்கள். அது காலை 10 மணிக்கு, சரியாக நாம் உள்ளே இருக்கும் நேரத்தில் வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நேற்றைய ஹை 24,640, லோ 24,430, முடிவு 24,560, ஏடிஆர் 200. இன்று 24,625-ல் திறக்கிறது, கேப் 65 புள்ளி. முதல் 5 நிமிடக் கேண்டில் 24,650 வரை போய் நேற்றைய ஹைக்கு மேல் நிற்க முடியாமல் திரும்புகிறது. அதன் லோ 24,605. அடுத்த கேண்டில் 24,602-ல் முடிகிறது. விற்பனை அழுத்தம் உறுதி.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். 24,600-ல் விற்று, 24,658-ல் ஸ்டாப் வைத்தால் ரிஸ்க் 58, கிடைக்கக்கூடியது 40. பத்தில் ஆறு முறையாவது ஜெயிக்காவிட்டால் இந்தக் கணக்கு தேறாது. ஸ்டாப்பை 24,630-க்கு இழுத்தால் கணக்கு அழகாகத் தெரியும், ஆனால் சாதாரண ஆட்டத்திலேயே அடிபடும்.

முதல் கேண்டிலின் நடுப்பகுதிவரை விலை திரும்பி ஏறும்வரை பொறுங்கள். 24,622-ல் லிமிட் ஆர்டர், ஸ்டாப் அதே 24,658, இலக்கு 24,565. இப்போது ரிஸ்க் 36, வரவு 57. திரும்பி வராமலே இறங்கிவிட்டால் அது நம்முடையது இல்லை, துரத்தக் கூடாது.

ஸ்டாப்பை 24,650-லேயே வைக்காததற்குக் காரணம், எல்லோருடைய ஸ்டாப்பும் அங்கேதான் குவிந்திருக்கும். ஏடிஆரில் 4 சதவீதம், இங்கே 8 புள்ளி, மேலே தள்ளினால் அந்தக் குத்தலில் தப்பலாம். நேரடியாக விற்காமல், இறக்கத்துக்காகப் புட் ஆப்ஷன் வாங்குபவர்களும் ஸ்டாப்பை நிஃப்டியின் விலையில்தான் பார்க்க வேண்டும். திறந்த சில நிமிடங்களில் ஆப்ஷனின் விலையான பிரீமியம் தானாகவே இறங்கக்கூடும், அதை வைத்து முடிவெடுத்தால் நிஃப்டி நகராமலே வெளியேற நேரும்.