பந்து 50 மீட்டர்ல விழணும்: பைசெக்‌ஷனா, சீகன்ட்டா?

கிரிக்கெட் பந்தை நொடிக்கு 30 மீட்டர் வேகத்துல எறிஞ்சா, காத்து இல்லாத கணக்குல 50 மீட்டருக்கு 16.5 டிகிரி கோணம் போதும், ஆனா காத்துத் தடையைச் சேர்த்து (Cd 0.45) நேரத்தை சின்னச் சின்ன ஸ்டெப்பா வெட்டி பந்தோட பாதையைக் கணக்குப் போடுற ஆர்கே4 முறையில ஓட்டினா 22 பக்கம் வருது, இதுக்கு நேரடி ஃபார்முலா கிடையாது, தேடித்தான் புடிக்கணும்.

பைசெக்‌ஷன்ல 5க்கும் 40க்கும் நடுவுல பாதி பாதியா வெட்டுறோம், 12 தடவையில 0.01 டிகிரிக்குள்ள வந்துடும். 40க்கு மேல போகாதீங்க, அதைக் கொஞ்சம் தாண்டினதும் தூரம் குறைய ஆரம்பிச்சிடும்.

சீகன்ட், கடைசியா போட்ட ரெண்டு கோணத்தோட விடைகளை நேர்கோட்டால இணைச்சு அந்தச் சரிவை வச்சு அடுத்த கோணத்தைப் புடிக்கும், நாலஞ்சு தடவையிலயே முடிச்சிடும், ஆனா ரொம்ப சென்சிடிவ். பந்தோட உயரம் y மைனஸ் ஆன ஸ்டெப்போட x-ஐயே தூரம்னு எடுத்தா, 0.01 நொடி ஸ்டெப்புக்கு தூரம் 20 சென்டிமீட்டர் தாவும், ரெண்டு தாவலுக்கு நடுவுல கோணம் கூடக்கூட தூரம் குறையுற மாதிரி காட்டும், சரிவு தலைகீழாகி சீகன்ட் எங்கேயோ ஓடிடும். தரைக்கு மேல இருக்கிற கடைசிப் புள்ளி x1, y1, அடுத்து கீழ போன புள்ளி x2, y2, இந்த ரெண்டையும் வச்சு தரையைத் தொடுற இடத்தைக் கண்டுபிடிங்க:

```
x = x1 + (x2-x1)*y1/(y1-y2)
```

பைசெக்‌ஷன் இந்தத் தப்போட கூட ஓடும், விடைதான் கொஞ்சம் தள்ளி வரும். ஒரே ஒரு கோணம்னா எனக்கு பைசெக்‌ஷன்தான், ஆயிரக்கணக்குல டேபிள் போடணும்னா சீகன்ட்.