தம்பி அழைத்தால் மட்டும் ஒலிக்கட்டும்: இரண்டு ஆண்டு அனுபவம்

மண்டபம் ஊரிலிருந்து விசைப்படகில் கடலுக்குச் செல்லும் என் தம்பி, மறுநாள் கரையை நெருங்கிச் சிக்னல் கிடைத்தவுடன் என்னை அழைப்பான். உடனே ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நான் வண்டியுடன் இறங்குதளத்தில் நிற்க வேண்டும். அந்த அழைப்பு மூன்று மணிக்கும் வரலாம், ஐந்து மணிக்கும் வரலாம் என்பதால் கைபேசியை அணைத்துவிட்டு உறங்க வழியில்லை. அணைக்காமல் வைத்தாலோ, குவைத்தில் இருக்கும் மைத்துனர் அங்கே ஒன்பதரை மணிக்கு அனுப்பும் படங்கள் இங்கே நள்ளிரவில் வந்து ஒலிக்கும்.

என்னுடையது ஆண்ட்ராய்டு கைபேசி. அமைப்புகளில் Notifications பகுதிக்குள் Do Not Disturb என்பதைத் திறந்து, அழைப்புகளுக்கு Starred contacts என்று தேர்ந்தெடுத்தேன். அதாவது, தொடர்புப் பட்டியலில் நட்சத்திரம் இட்டவர்கள் அழைத்தால் மட்டுமே மணி ஒலிக்கும். பிறகு Schedules பகுதியில் இரவு 9.30 முதல் காலை 5.30 வரை உறக்க நேரம் குறித்தேன். புதிய பதிப்புகள் சிலவற்றில் இவை Modes என்ற தலைப்பின்கீழ் இருக்கின்றன. பெயர்கள் சற்று மாறினாலும் வேலை ஒன்றுதான்.

முதல் நாளே ஒரு சிக்கல். தம்பியின் எண்ணைப் பல ஆண்டுகளுக்கு முன் சிம் அட்டையில் சேமித்திருந்தேன், அதற்கு நட்சத்திரமிடும் குறியே என் கைபேசியில் தோன்றவில்லை. எண்ணைக் கைபேசியின் கூகுள் கணக்கில் புதிதாகச் சேமித்த பிறகுதான் குறி வந்தது. அன்று பகலிலேயே Do Not Disturb முறையைக் கையால் இயக்கிவிட்டு, தம்பியையும் பக்கத்துக் கடைக்காரரையும் அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தேன். ஒன்று ஒலித்தது, மற்றது தவறிய அழைப்பாக மட்டும் பதிவானது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எவரும் முதல் இரவு உறங்கக் கூடாது.

அப்படிச் சோதித்தும் சென்ற ஆண்டு ஒருமுறை ஏமாந்தேன். தம்பியின் கைபேசி நனைந்துபோனதால், உடனிருந்த ஒருவரின் கைபேசியிலிருந்து ஒரு முறையும், சில நிமிடங்கள் கழித்து இன்னொருவரின் கைபேசியிலிருந்து ஒரு முறையும் அழைத்திருக்கிறான். இரண்டும் என் பட்டியலில் இல்லாத எண்கள், அதனால் இரண்டுமே ஒலிக்கவில்லை. நான் விழித்துத் தளத்துக்குப் போவதற்குள் ஏலம் பாதி முடிந்திருந்தது.

இத்தனைக்கும் Repeat callers என்ற விதி என் கைபேசியில் இயக்கத்தில்தான் இருந்தது. ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால், அது யாராக இருந்தாலும் ஒலிக்கவிடுவது அந்த விதி. அது பார்ப்பது எண்ணைத்தான், அழைக்கும் ஆளை அன்று. வேறு வேறு கைபேசியிலிருந்து வந்த இரண்டும் அதன் கணக்கில் தனித்தனி முதல் அழைப்புகள். அன்று மாலையே அந்தப் படகில் போகும் ஐந்து பேரின் எண்களையும் சேமித்து நட்சத்திரமிட்டேன். தம்பியிடமும், "யாரு போன்ல கூப்பிட்டாலும், நான் எடுக்கலைன்னா அதே போன்லேயே உடனே இன்னொரு தடவ கூப்பிடு," என்றேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அண்ணே," என்றான், அதுவும் நியாயம்தான்.

இந்த விதிக்கு ஒரு விலையும் உண்டு. கடன் தருவதாகச் சொல்லி இரண்டு முறை தொடர்ந்து அழைத்த யாரோ ஒருவர் என்னை எழுப்பியிருக்கிறார். ஆனாலும் அதை நான் அணைக்கவில்லை.

நட்சத்திரம் சாதாரண அழைப்புக்கும் குறுஞ்செய்திக்குமானது. வாட்ஸ்அப் செய்தியை என் கைபேசியில் அது ஒலிக்க வைக்கவில்லை. ஒருவரின் வாட்ஸ்அப் செய்தியும் இரவில் ஒலிக்க வேண்டுமானால், அவர் செய்தியின் அறிவிப்பை நீண்ட நேரம் அழுத்தி Priority என்று குறித்து, Do Not Disturb பகுதியில் Conversations என்பதிலும் அதையே அனுமதிக்க வேண்டும். வாட்ஸ்அப் வழி வரும் குரல் அழைப்போ, என் பழைய கைபேசியில் ஒலித்தது, புதியதில் ஒலிக்கவில்லை. ஆகவே அவசரத்துக்குச் சாதாரண அழைப்பு மட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். குழுக்களை எல்லாம் பகலிலும் சேர்த்து நிரந்தரமாக ஒலியடக்கி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேறொரு தொல்லை வந்தது. கடலுக்குப் போகாத அந்த ஐவரில் இருவர், முன்பணம் கேட்டு இரவு பதினோரு மணிக்கு அழைத்தார்கள். நட்சத்திரம் இருந்ததால் கைபேசி தன் கடமையைச் செய்தது. இப்போது தடைக்காலம் தொடங்கும் நாளில் தம்பியைத் தவிர மற்றவர்களின் நட்சத்திரத்தை நீக்கிவிடுகிறேன். திரும்ப இடுவதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஜூன் 14 மாலை ஆறு மணிக்கு நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அது வந்ததும் ஐவரையும் ஒருமுறை அழைக்கச் சொல்லிச் சோதித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.