தனித்து நிற்கும் எண்: முதலில் பார்க்க வேண்டியது பகா எண்ணையா, இலக்கக் கூட்டுத்தொகையையா?

கோலாலம்பூர் செந்தூலில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ‘கூட்டத்தில் சேராத எண் எது?’ என்ற கேள்வி வந்தால் எதை முதலில் சோதிப்பது என்று அவர்களுக்கு ஒரே வழியைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. பகா எண், வர்க்க எண், மடங்கு, இலக்கக் கூட்டுத்தொகை ஆகிய நான்கில் நான் தேர்ந்தெடுத்தது இலக்கக் கூட்டுத்தொகையை.

வர்க்க எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 100 வரை பத்தே இருப்பதால் அவை மனப்பாடமாகவே இருக்கும். மடங்குகளில் 2, 5 ஆகியவற்றைக் கடைசி இலக்கமே காட்டிவிடும். 3, 9 ஆகியவற்றுக்கு எப்படியும் இலக்கங்களைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே உண்மையான போட்டி பகா எண்ணுக்கும் கூட்டுத்தொகைக்கும் இடையில்தான்.

வெண்பலகையில் 26, 35, 44, 53, 72 என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து, “53 டீச்சர், அது மட்டும்தான் பகா எண்” என்று குரல் வந்தது. சொன்னது பிழையில்லை, மற்ற நான்கும் பகு எண்களே. ஆனால் இலக்கங்களைக் கூட்டினால் 26, 35, 44, 53 நான்குக்கும் 8 வருகிறது, 72க்கு மட்டும் 9 வருகிறது. அப்படியானால் இரண்டு விடைகளில் எதை ஏற்பது?

இங்கே தீர்ப்புச் சொல்வது, நீக்கப்படும் எண் அன்று. நீக்கிய பின் மிஞ்சும் எண்களின் உறவு எவ்வளவு அரிது என்பதே. 53ஐ நீக்கினால் மிஞ்சுபவை வெறும் பகு எண்கள். 1 முதல் 100 வரை அத்தகையவை 74 உள்ளதால், கண்ணை மூடிக்கொண்டு நான்கு எண்களைப் பொறுக்கினாலும் நான்கும் பகு எண்ணாக அமைவது எளிது. 72ஐ நீக்கினால் மிஞ்சுபவற்றின் கூட்டுத்தொகை 8. அதே எல்லைக்குள் அத்தகைய எண்கள் ஒன்பதே உள்ளன. நான்கு எண்கள் தற்செயலாக அவ்வாறு அமைவது மிக அரிது. எனவே விடை 72. இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: கூட்டுத்தொகை ஒன்றாயிருக்கும் எண்களின் வேறுபாடு எப்போதும் 9இன் மடங்காகவே இருக்கும். 26, 35, 44, 53 ஒன்பது ஒன்பதாக ஏறுகின்றன. 53இலிருந்து 72க்கோ 19 தாவல்.

இதே அளவுகோல், தேவைப்படும் இடத்தில் பகா எண்ணின் பக்கமும் சாயும். 17, 29, 43, 51, 67 என்னும் கூட்டத்தில் 51ஐ நீக்கினால் எஞ்சுபவை அனைத்தும் பகா எண்கள்; 100 வரை அவை 25 மட்டுமே. 51ஐ அடையாளம் காட்டுவதும் கூட்டுத்தொகையே: 5+1=6, ஆகவே அது 3இன் மடங்கு.

91 இந்த வலையில் சிக்காது. அதன் கூட்டுத்தொகை 10. ஆனால் அது 7×13. 7ஆல் வகுத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தனியே ஏற்படுத்த வேண்டியிருக்கிறது. மூவிலக்க எண்களில் என் வகுப்புக்குப் பயிற்சி குறைவு என்பதால், அங்கும் கூட்டுத்தொகையே முந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.