"சிங்க் குழாய் ஒழுகுது" என்று மட்டும் சொல்லி 2,300 ராண்ட் கொடுத்தேன்

டர்பனில் இருப்பவர்கள், குறிப்பாகச் சாட்ஸ்வர்த் பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

போன வாரம் சிங்குக்கு அடியில் தண்ணீர் கட்டியிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் போன் உயிரை விட்டது, போட்டோவும் அதோடு போச்சு. அலுவலகப் போனிலிருந்து, விளம்பரத்தில் பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு, "சிங்க் குழாய் கீழே ஒழுகுது" என்றேன். வந்தவர், வீட்டில் இருந்த அத்தையிடம் "குழாய் போயிடுச்சு" என்று சொல்லி, சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வருகிற மிக்சர் குழாயையே மாற்றிவிட்டு, அடியில் ஒரு நட்டில் வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டுப் போனார். ராத்திரி பத்து மணிக்கு, அடியில் வைத்த சட்டியில் மறுபடி சொட்டுச் சத்தம்.

மறுநாள் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். முப்பது வருஷமாகப் பிளம்பிங்தான் தொழில். போட்டோ இல்லை என்றதும் அவர் கேட்டது இதுதான்: குழாயை மூடினால் நிற்கிறதா? அடியில், குழாய்க்குப் போகிற தண்ணீரை நிறுத்தும் ஆங்கிள் வால்வை மூடினால் நிற்கிறதா? சுடுதண்ணீர்ப் பக்கமா, பச்சைத் தண்ணீர்ப் பக்கமா? முதலில் ஈரமாவது எந்த இடம்?

கடைசிக் கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. தண்ணீர் பைப் வழியாக ஓடி, தாழ்வான இடத்தில்தான் சொட்டும். சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடம் இல்லையாம். அவர் சொன்னபடி எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொரு நட்டிலும் டிஷ்யூ சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். மேலே இருந்தவை காய்ந்தே இருந்தன. செம்புப் பைப் வால்வுக்குள் நுழைகிற நட்டில் மட்டும் டிஷ்யூ நனைந்திருந்தது. பைப்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை வைத்து அளந்தேன், 47 மில்லிமீட்டர். அப்படியென்றால் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைப். 22 என்றால் சுற்றளவு 69 வரும்.

திரும்பக் கூப்பிட்டு இப்படிச் சொன்னேன்: "பச்சைத் தண்ணீர்ப் பக்கம். குழாய், வால்வு ரெண்டையும் மூடியும் சொட்டுது. சுவத்துலேர்ந்து வர்ற 15 மில்லிமீட்டர் செம்புப் பைப் வால்வுல சேர்ற நட்டு. அதுல வெள்ளை டேப் சுத்தியிருக்கு."

சிரித்துவிட்டார். வால்வை மூடியும் நிற்கவில்லை என்றால் ஒழுகல் வால்வுக்கு முன்னால். குழாய் வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த டேப்பும் வீண்தானாம். அந்த மாதிரி நட்டில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை; உள்ளே பைப்பைக் கவ்வியிருக்கும் பித்தளை வளையம்.

மெயினை மூடி, தேய்ந்த வளையத்தை அறுத்தெடுத்துப் புதிதைப் போட்டார். அரை மணி நேரம், 250 ராண்ட். இப்போது சட்டி காய்ந்து கிடக்கிறது.

முதல் ஆளைக் கூப்பிட்டு, கழற்றிய பழைய மிக்சரையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். தூக்கிப் போட்டுவிட்டாராம்.