முடிக்குச் சேனலா, குயிக் மாஸ்க்கா?

நீல வானம் பின்னணி, காற்றில் பறக்கும் கறுப்பு முடி, உடம்பில் வெள்ளைச் சட்டை. இப்படி ஒரு படத்தை ஃபோட்டோஷாப்பில் போட்டு, ஆளை மட்டும் பிரித்தெடுக்க குயிக் செலக்‌ஷன் டூலை ஓட்டினால் முடியைக் கொத்தாக வெட்டிவிடும், மேஜிக் வாண்ட் வைத்தால் வானத்தோடு சட்டையிலும் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொள்ளக்கூடும். அப்போது கைகொடுப்பவை இரண்டு பழைய வழிகள்: குயிக் மாஸ்க், சேனல்.

குயிக் மாஸ்க் என்பது கையால் பூசுகிற வேலை. Q அழுத்தி, கறுப்பு பிரஷ்ஷால் தடவினால் சிவப்புப் படலம் விழும், அது தேர்வுக்கு வெளியே. வெள்ளையால் தடவினால் உள்ளே. தோள், சட்டை, கை மாதிரி வழவழப்பான ஓரங்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் முடியை இழை இழையாகப் பூச உட்கார்ந்தால் கண்தான் போகும், முடிவில் தலையைச் சுற்றிப் பஞ்சு ஒட்டிய மாதிரி இருக்கும்.

சேனல் வழியில் படமே மாஸ்க்கை வரைந்து தருகிறது. Channels பேனலில் Red, Green, Blue மூன்றையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பாருங்கள், ஒவ்வொன்றும் அந்த நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டும். இந்தப் படத்தில் Blue-இல் வானம் ஏறக்குறைய வெள்ளை, முடி கறுப்பு. Red-இல் வானம் இருண்டுவிடுவதால் முடி அதில் கலந்துபோகும். எனவே Blue-ஐ நகலெடுத்து நகலில் மட்டும் வேலை செய்யவேண்டும், அசலில் கை வைத்தால் படத்தின் நிறமே மாறிவிடும். Ctrl+L அழுத்தி லெவல்ஸில் கறுப்பு முனையை வலப்பக்கமும் வெள்ளை முனையை இடப்பக்கமும் கொஞ்சம் தள்ளவும். முழுக்கத் தள்ளக் கூடாது, முடி நுனியில் இருக்கும் சாம்பல்தான் மென்மையைத் தருவது. அது போனால் நுனிகள் கத்தரித்த மாதிரி மொட்டையாகிவிடும். மிச்சமிருக்கும் அழுக்குச் சாம்பலுக்கு பிரஷ்ஷை ஓவர்லே மோடில் வைத்து வானத்தின் பக்கம் வெள்ளையைத் தடவினால் முழுக் கறுப்பான இழைகள் அப்படியே நிற்கும், வானம் மட்டும் வெளுக்கும். பிறகு கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்ற Ctrl+I, பேனலில் நகல் சேனலின் சின்னப் படத்தின்மேல் Ctrl அழுத்திக் கிளிக், தேர்வு தயார்.

ஆனால் வெள்ளைச் சட்டையும் வானமும் Blue-இல் ஒரே வெளிச்சம், சட்டை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை! முகத்திலும் அரைகுறைத் தேர்வுதான் இருக்கும். இங்கே சேனலோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. தேர்வை வைத்துக்கொண்டே பேனலில் RGB-ஐக் கிளிக் செய்து Q அழுத்தி, சட்டைக்குக் கொஞ்சம் கெட்டியான ஓரமுள்ள பிரஷ்ஷால் வெள்ளையைப் பூசி, முகத்தையும் நிரப்பிவிட்டால் போதும், முடிப் பக்கம் பிரஷ்ஷே போகக் கூடாது. திரும்ப Q, உடனே Save Selection. குயிக் மாஸ்க் தானாகச் சேமித்து வைக்காது.

ஆக, என் கணக்கில் முடி இருந்தால் சேனலில் தொடங்கு, இல்லாவிட்டால் குயிக் மாஸ்க்கே போதும். ஒன்று கவனிக்கணும்: ஜேபெக் படங்களில் Blue சேனல்தான் பெரும்பாலும் புள்ளியும் கட்டமுமாக அசிங்கமாக இருக்கும். அப்படியானால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறைந்தாலும் Green நல்லது.